“கல்யாணம் எப்போ?” என்று இன்டர்வியூவில் கேட்டால் செய்யக்கூடாத தவறுகள்

நாகர்கோவிலில் தனியார் அலுவலகங்களுக்கு ஆள் எடுக்கும் மேசையில் சில வருடங்கள் நானும் உட்கார்ந்திருக்கிறேன். பெண் பிள்ளைகள் வந்தால் படிப்பு, டேலி, முன் அனுபவம் எல்லாம் கேட்டு முடித்தபிறகு பக்கத்தில் இருக்கும் பெரியவர் கேட்பார்: “கல்யாணம் ஆச்சா மக்களே?” இல்லை என்றால் அடுத்ததும் வந்துவிடும். “மாப்பிள்ளை வெளிநாட்டுல இருந்தா நீயும் போயிருவியா?” வளைகுடாவுக்கு ஆள் போகாத தெரு குறைவான மாவட்டம், அதனால் இந்தக் கேள்வி இங்கே சகஜம். அதே வேலைக்கு வந்த பையனிடம் யாரும் கேட்பதில்லை என்பதால் அது நியாயமும் இல்லை. ஆனால் அந்த அறையில் வேலை நமக்கு வேண்டும்.

நான் அதிகம் பார்த்த தவறு, பயந்துபோய் வாக்குக் கொடுப்பது. “மூணு வருஷத்துக்குக் கல்யாணமே இல்லை சார்.” கேட்டவர் அதை நம்புவதில்லை. வீட்டில் நல்ல வரன் வந்தால் என்ன நடக்கும் என்று அவருக்கும் தெரியும். அதைவிட மோசம், கல்யாணம் ஆனதை மறைப்பது. வேலையில் சேர்ந்ததும் பி.எஃப். படிவத்தில் திருமண நிலையை எழுதத்தான் வேண்டும். பொய் வெளியே வந்தால், கேட்டவரின் தவறு மறைந்து உங்கள் தவறு மட்டுமே மேசையில் இருக்கும்.

அடுத்தது, முழுக் கதையையும் சொல்வது. ஜாதகம் பார்க்கிறார்கள், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, அண்ணன் துபாயில் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றும் இன்னொரு கேள்விக்குக் கதவு திறக்கும்.

சட்டத்தை எடுத்து வீசுவதும் அங்கே பலிக்காது. தனியார் இன்டர்வியூவில் இப்படிக் கேட்பதையே குற்றம் என்று சொல்லும் தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. வேலைக்கு எடுப்பதில் பெண் என்பதற்காக ஒதுக்கக்கூடாது என்றுதான் 1976-இன் சம ஊதியச் சட்டம் சொன்னது. ஆனால் கல்யாணத்தால்தான் ஒதுக்கினார்கள் என்று நிரூபிப்பது கஷ்டம். படிவத்தில் மாதவிலக்கு, கர்ப்பம் பற்றிக் கேட்ட ஒரு வழக்கில், அந்தக் கேள்விகளை நீக்கச் சொல்லி 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீரா மாத்தூர் என்ற பெண் எல்.ஐ.சி.க்கு எதிராகப் போட்ட வழக்கு அது. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இன்டர்வியூவில் வாதாட வேண்டாம்.

சரி, என்ன சொல்வது? கேள்விக்குப் பின்னால் இருக்கும் பயத்தைப் பிடியுங்கள். குலசேகரத்திலிருந்து கணக்கர் வேலைக்கு வந்த ஒரு பி.காம். பெண்ணிடம் மேலே சொன்ன இரண்டு கேள்விகளும் வந்தன. கணக்குப் பிரிவில் முதலாளிக்கு இருந்த பயம் ஒன்றுதான்: மார்ச் கணக்கு முடிக்கும் நேரத்திலோ, மாதம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டி கட்டும் நேரத்திலோ ஆள் இல்லாமல் போய்விடக்கூடாது. அவள் சொன்னது இவ்வளவுதான்:

“அது இன்னும் முடிவாகலை சார். எது வந்தாலும் முறையா நோட்டீஸ் கொடுத்து, வர்றவங்களுக்குக் கணக்கை ஒப்படைச்சிட்டுத்தான் போவேன். இங்கே நோட்டீஸ் எத்தனை நாள் சார்?”

பொய்யும் இல்லை, வாக்குறுதியும் இல்லை. கடைசிக் கேள்வி பேச்சை மறுபடி வேலைக்குக் கொண்டுவந்துவிட்டது. பெரியவர் “ஒரு மாசம்” என்றார். அவள் நோட்டில் குறித்துக்கொண்டு, மாதம் எத்தனை பில் போடுவார்கள் என்று கேட்டாள். கல்யாணப் பேச்சு அதோடு நின்றது.

வயதைக் கேட்டால் மறைக்க வேண்டாம், சான்றிதழில் பிறந்த தேதி இருக்கிறது. பிள்ளை வளர்க்க இடைவெளி விட்டவர்கள் அதை ஒரே வரியில் சொல்லிவிட்டு, இப்போது என்ன மென்பொருள் தெரியும் என்பதற்கு உடனே போய்விடுவது நல்லது.

குழந்தை எப்போது என்று கேட்டால், “அதுக்காக வேலை பாதிக்காதபடி முன்கூட்டியே சொல்லித் திட்டமிடுவேன்” என்றால் போதும். பேறுகால விடுப்பைப் பற்றி விசாரிப்பது வேலை உறுதியான பிறகுதான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடையிலும் அலுவலகத்திலும், பிரசவத்துக்குக் குறித்த தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. உங்கள் உரிமை அது, யாரும் சலுகையாகத் தருவதில்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் வளைந்து கொடுக்காதீர்கள். “இரண்டு வருஷம் கல்யாணம் கிடையாது” என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டால், “வீட்டில் படிச்சுப் பார்த்துட்டுத் தர்றேன்” என்று தாளோடு எழுந்து வாருங்கள். தாளைக் கொண்டுபோக விடமாட்டேன் என்றால், அங்கே கையெழுத்துப் போடாதீர்கள்.