ஒழுகும் கூரைக்கு அடியில் நின்று விற்காதீர்கள்

கோத்தகிரியில் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். வீட்டுக்காரர்கள் சென்னையிலும் கோவையிலும் இருப்பார்கள். மாதச் சம்பளத்துக்கு வீட்டைத் திறந்து, காற்றாட விட்டு, பெருக்கி, போட்டோ அனுப்புவோம். மெத்தையை வெயிலில் போடுவது, கீஸர் பார்ப்பது, விறகு அடுக்கி வைப்பது எல்லாம் தனிக் காசு. போன வாரம், புதிதாக இதே வேலைக்கு வந்த தம்பி ஒருவன் தன் வாட்ஸ்அப்பைக் காட்டி, "பார்ட்டி பதிலே போடலண்ணா" என்றான். வாசித்தேன். எட்டு வருடத்துக்கு முன் நான் எழுதியதை அப்படியே பார்த்தது போல இருந்தது. தனிக் காசு வேலையை வீட்டுக்காரரிடம் கேட்கும்போது நாம் செய்யும் தவறுகள் இவை.

கெட்ட செய்தியோடு விலைப்பட்டியல்

நான் செய்ததைச் சொல்கிறேன். அது ஓர் அக்டோபர். தென்மேற்குப் பருவமழையைத் தொட்டபெட்டா மலைப்பக்கமே பெரும்பாலும் வாங்கிக்கொள்ளும். எங்கள் ஊருக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான். நான் பார்த்துக்கொண்ட ஒரு வீட்டைச் சுற்றி சில்வர் ஓக் மரங்கள். கூரை விளிம்பில் மழைத்தண்ணீரை வாங்கிக் குழாய்க்கு அனுப்பும் தகரம் முழுக்க இலை. முதல் கனமழையிலேயே தண்ணீர் போக வழியில்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பி, படுக்கையறை மேற்கூரை வழியாக மெத்தையில் இறங்கிவிட்டது.

ஆறு போட்டோ அனுப்பினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கீழேயே, "சார், வருடத்துக்கு நான்கு முறை கூரை சுத்தம் செய்யும் பேக்கேஜ் 6,000 ரூபாய், இப்போதே சொன்னால் நல்லது" என்று போட்டேன்.

பத்து நிமிடத்தில் போன் வந்தது. அவர் சத்தம் போடவில்லை. "மாசா மாசம் வீட்டுக்குப் போறீங்க. இலை நிறைஞ்சதை நீங்க பாக்கலையா, இல்ல பாத்துட்டு சும்மா இருந்தீங்களா?" என்றார். இரண்டில் எதைச் சொன்னாலும் நான் காலி. அந்த மாதக் கடைசியில் சாவியைத் திருப்பிக் கேட்டார். அவர் சொல்லி என்னிடம் வந்த இரண்டு வீடுகளும் பின்னாலேயே போயின. மூன்று வீட்டுக்கும் சேர்த்து மாதம் 10,500. இப்போதும் அந்தச் செய்தியை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

பக்கத்தில் இல்லாதவருக்கு நம் போட்டோ மட்டும்தான் கண். சேதத்துக்குக் கீழேயே விலை இருந்தால், அந்தக் கண்ணே அவரிடம் காசு கேட்கிற மாதிரி ஆகிவிடும். இலை நிறைகிறது என்று சொல்வது மாதச் சம்பளத்துக்குள் அடங்கிய வேலை. அதை அள்ளுவதுதான் தனி வேலை. இரண்டையும் நான் குழப்பிக்கொண்டேன்.

இப்போது செப்டம்பர் முதல் வாரத்தில், மழைக்கு முன், ஒரே ஒரு போட்டோ போகும். "சார், தகரத்தில் பாதிக்கு மேல் இலை. அக்டோபர் மழைக்குள் அள்ளுவது நல்லது. ஏணி, ஆள் எல்லாம் சேர்த்து 1,200. உங்களுக்குத் தெரிந்த ஆள் இருந்தாலும் சரி, நான் கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன். வேண்டாம் என்றால் அடுத்த மாதம் நிலைமையை மட்டும் சொல்கிறேன்." 'உங்களுக்குத் தெரிந்த ஆள்' என்ற அந்த ஒரு வரியை எழுதக் கை வராது, போட்டியாளருக்கு வேலை கொடுப்பது போல இருக்கும். ஆனால் அதைச் சேர்த்த பிறகுதான் பெரும்பாலானவர்கள் "நீங்களே பண்ணிடுங்க" என்கிறார்கள்.

அதையும் மீறி ஒழுகிவிட்டால்? முதல் செய்தியில் என்ன நடந்தது, நான் உடனே என்ன செய்தேன், இவ்வளவுதான். பக்கெட் வைத்தேன், மெத்தையை நகர்த்தினேன், அடைப்பை எடுத்தேன். இந்த அவசர வேலைக்கு நான் காசு கேட்பதில்லை. சுவர் காய இரண்டு மூன்று வாரம் ஆகும். காய்ந்த சுவரின் போட்டோ போன பிறகுதான் கூரையைப் பற்றிய பேச்சு.

கேட்காமல் பில்லில் சேர்ப்பது

50 ரூபாயாக இருந்தாலும் செய்யாதீர்கள்.

மே மாதத்தில் கேட்பது

வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் சீசனில் போனையே எடுக்க மாட்டார்கள். ஜூனில் கேளுங்கள், கையில் காசும் இருக்கும், காதும் இருக்கும்.

'பார்க்கலாம்' என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது

நம் ஊரில் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். "பாக்கலாம்பா", "வீட்ல கேட்டுச் சொல்றேன்" எல்லாம் அதேதான். ஒரு தடவை கேட்டால், நோட்டில் தேதி போட்டு எழுதிவிடுவேன். அதே விஷயத்தை அடுத்த மழைக்காலத்துக்கு முன் திரும்ப எடுப்பதில்லை. இலை அளவை மட்டும் மாதாமாதம் சொல்லிக்கொண்டிருப்பேன், விலை இல்லாமல்.

அந்தத் தம்பியின் செய்தியிலும் ஈரம் பட்ட சுவரும் பெயிண்ட் வேலைக்கு 14,000மும் ஒன்றாகவே இருந்தன. "டெலீட் பண்ணிடட்டுமாண்ணா?" என்றான். இரண்டு நீல டிக் விழுந்து நாலு நாள் ஆகியிருந்தது. போய் முதலில் அந்தச் சுவர் எதனால் நனைகிறது என்று பார்த்துவிட்டு வரச் சொன்னேன்.