காலாவதி பாக்கெட் சாப்பிட்டு உடம்பு கெட்டதா? இழப்பீட்டு வழக்கைக் கெடுக்கும் தவறுகள்

பாக்கெட்டில் தேதி முடிந்திருந்தது, சாப்பிட்ட பிள்ளைக்கு வாந்தி வந்தது, இதற்கு மேல் என்ன நிரூபிக்க வேண்டும் என்றுதான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் நுகர்வோர் ஆணையத்தின் முன் அது இரண்டாகப் பிரிந்துவிடும். இந்தப் பாக்கெட்டைத் தேதி முடிந்த பிறகு இந்தக் கடைதான் விற்றதா? இந்தப் பாக்கெட்டால்தான் உடம்பு கெட்டதா? நல்ல வழக்குகள் சறுக்குவது இந்த இரண்டாவது கேள்வியில். அதற்கான விதையோ முதல் நாளிலேயே விழுந்துவிடுகிறது.

ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். கன்னியாகுமரி மாவட்டம் குழித்துறையில் இருக்கும் ஒரு தாய் மார்த்தாண்டத்துக் கடையொன்றில் 40 ரூபாய் விலையுள்ள கிரீம் கேக் பாக்கெட் இரண்டு வாங்குகிறார். மாலை 6 மணிக்கு இரண்டு பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள். இரவு 10 மணிக்கு இருவருக்கும் வாந்தி, பிறகு வயிற்றுப்போக்கு. காலையில் உறையைத் திருப்பிப் பார்த்தால் காலாவதி தேதி போய் 11 நாள் ஆகியிருக்கிறது.

கோபத்தில் அவர் செய்யக்கூடிய முதல் தவறு, உறையைக் கையோடு எடுத்துப்போய்க் கடைக்காரரிடம் கொடுத்துவிடுவது. 80 ரூபாய் திரும்பி வரும், உறை குப்பைக்குப் போகும், வழக்கும் அத்தோடு போகும். பில் மட்டும் போதாதா என்றால், போதாது. பில்லில் 'கேக் 2, 80 ரூபாய்' என்றுதான் இருக்கும்; தேதியோ பேட்ச் எண்ணோ இருக்காது. 'இது எங்கள் கடைப் பாக்கெட்டே இல்லை, வீட்டில் பழையது கிடந்திருக்கும்' என்பதுதான் எதிர்த்தரப்பு வழக்கமாகச் சொல்லும் பதில். உறையில் உள்ள பேட்ச் எண்ணும் தேதியும் தெளிவாகத் தெரியும்படி, பில்லையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். தேதிக்கு மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உரித்துப் பார்க்காதீர்கள். அந்த ஸ்டிக்கரே சாட்சி. பில்லை அன்றே நகல் எடுத்துவிடுங்கள். சூட்டில் அச்சாகும் அந்தத் தாள் சில மாதங்களில் வெளுத்துவிடும். வழக்கு அதைவிட நீண்ட நாள் நடக்கும்.

இன்னொன்றும் செய்யலாம், அதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. அதே பேட்ச் பாக்கெட் கடை அலமாரியில் இன்னும் இருந்தால், மற்றொன்றைப் பில்லோடு வாங்கிப் பிரிக்காமல் வையுங்கள். அப்போது அந்தக் கடையே காலாவதிச் சரக்கை விற்கிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைத்துவிடும். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 40ஆம் பிரிவின்படி, வாங்குபவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். ஆனால் சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். அது முடியாதென்றால் உடனே உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுங்கள். அவர் எடுக்கும் மாதிரி நான்கு பங்காக முத்திரையிடப்படும், பிறகு அதை யாரும் மாற்றிப் பேச முடியாது. அரசின் உணவுப் பகுப்பாய்வுக்கூடம் நமக்குப் பக்கத்தில் பாளையங்கோட்டையிலேயே இருக்கிறது.

பிரித்துத் தின்ற மிச்சத்தை நான்கு நாள் மேசையில் வைத்துவிட்டுத் தனியார் ஆய்வகத்துக்கு அனுப்புவது வீண் செலவு. நம் ஊர் வெக்கையில் கிருமி அதற்குள் தானாகவே பெருகியிருக்கும்; அது கடையில் வந்ததா வீட்டில் வந்ததா என்று எந்த அறிக்கையும் சொல்லாது. மிச்சம் இருந்தால் சுத்தமான கவரில் மூடி, அன்றே குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். உறைய வைக்க வேண்டாம், சில கிருமிகள் அதில் செத்துவிடும்.

மருத்துவமனையில் நடக்கும் தவறு இதைவிடப் பெரியது. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனாலும் ஊர் கிளினிக்குக்குப் போனாலும், நாம் 'வாந்தி, வயிற்றுப்போக்கு' என்று மட்டும் சொன்னால் சீட்டிலும் அது மட்டும்தான் இருக்கும். ஆறு மாதம் கழித்து 'கேக்கால்தான்' என்று வாய்வார்த்தையாகச் சொல்வதை யார் நம்புவார்கள்? எதைச் சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு, எத்தனை மணிக்கு வாந்தி தொடங்கியது, உடன் சாப்பிட்ட யாருக்கெல்லாம் வந்தது என்பதை மருத்துவரிடம் சொல்லி, சீட்டில் எழுதித் தரும்படி கேளுங்கள். மலப் பரிசோதனை தேவையா என்றும் ஆன்டிபயாட்டிக் தொடங்குமுன் கேட்டுவிடுங்கள்.

நேரம் ஏன் முக்கியம் என்றால், ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு கணக்கு உண்டு. ஸ்டெஃபிலோகாக்கஸ் நஞ்சு அரை மணி முதல் 8 மணி நேரத்துக்குள் வாந்தியைக் கொண்டுவரும். சால்மொனெல்லாவுக்குக் குறைந்தது 6 மணி நேரமாவது ஆகும், சில நாள்கூட ஆகலாம். நம் உதாரணத்தில் நான்கு மணி நேரம் என்பது முதல் வகையோடு பொருந்துகிறது. சாப்பிட்ட இரு பிள்ளைகளுக்கும் வந்தது, சாப்பிடாத தாய்க்கு வரவில்லை என்பது அதற்கு வலு. மதியம் கல்யாண வீட்டில் மூவரும் மீன் சாப்பிட்டிருந்தால் அதை மறைக்க வேண்டாம். குறுக்குக் கேள்வியில் அது வெளிவந்தால் உண்மையான பகுதியும் சேர்ந்து சந்தேகத்துக்குள்ளாகும்.

தேதி முடிந்ததாலேயே உணவு நஞ்சாகிவிடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். உலர்ந்த பிஸ்கட்டில் பெரும்பாலும் காறல் வாடைதான் வரும். பால், கிரீம், பன்னீர் போன்ற ஈரப் பண்டங்களின் கதை வேறு. அதனால்தான் மனுவில் எல்லாவற்றையும் நோயின் மேல் ஏற்றிவிடக் கூடாது என்கிறேன். காலாவதிப் பண்டத்தை விற்றதே தனிக் குற்றச்சாட்டு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு விற்பவரை அதற்குப் பொறுப்பாக்குகிறது. அதை முதலில் எழுதி, மருத்துவச் செலவையும் மன உளைச்சலையும் தனித்தனித் தொகையாகக் கேளுங்கள். நோய்த் தொடர்பு நிற்காமல் போனாலும் முதல் பகுதி தனியே நிற்கும். தயாரிப்பு நிறுவனத்தையும் சேர்த்தால் பணம் கூடும் என்று நினைத்து இழுப்பது பெரும்பாலும் காலத்தைத்தான் நீட்டும். மொத்த வியாபாரியே தேதி முடிந்த பிறகு கொடுத்திருந்தால் அவரைச் சேர்ப்பதில் பொருள் உண்டு.

உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுத்ததோடு நின்றுவிடுபவர்களும் உண்டு. அங்கே விதிக்கப்படும் அபராதம் அரசுக்குப் போகும். இழப்பீடு கேட்க, சம்பவத்திலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. 80 ரூபாய் கேக்குக்கு ஒரு பைசாவும் வேண்டாம். e-jagriti.gov.in தளத்திலும் பதிவு செய்யலாம், வழி தெரியாவிட்டால் 1915 என்ற எண்ணில் கேட்கலாம். இடையில் கடைக்காரர் பணம் தந்து 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று கையெழுத்துக் கேட்டால், பிள்ளை முழுதாகத் தேறும் வரை போடாதீர்கள்.

களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலையில் வாங்கினால் கேரளத்தில்தான் வழக்குப் போட வேண்டும் என்று நம் எல்லையோர ஊர்களில் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுத் தாக்கல் செய்யலாம், அதாவது நாகர்கோவிலில். கடையைச் சோதிக்கவும் மாதிரி எடுக்கவும் மட்டும் கேரளத்து உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம்தான் போக வேண்டும். அங்கே கொடுக்கும் புகாரின் ரசீதை வாங்கி மனுவோடு இணைத்துவிடுங்கள்.