வாட்ச்லிஸ்ட்ல 150 ஸ்டாக் வேணாம்: புதுசா ஸ்விங் டிரேடிங் பண்றவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுசா ஸ்விங் டிரேடிங் கத்துக்கறவங்களோட வாட்ச்லிஸ்ட்ட திறந்து பாத்தா சர்வசாதாரணமா 150 ஸ்டாக் இருக்கும். நியூஸ்ல வந்தது, யாரோ சொன்னது, நேத்து நல்லா ஏறினது எல்லாமே உள்ள கிடக்கும். நல்ல ஸ்டாக் எத்தனை இருக்கோ அத்தனையும் வச்சுக்கலாம்னு நினைக்கிறாங்க, முதல் தப்பே இதுதான். லிஸ்ட் எவ்ளோ பெருசுங்கறத உங்களுக்கு தினமும் கிடைக்கிற நேரம்தான் முடிவு பண்ணணும்.

மார்க்கெட் முடிஞ்சப்புறம் 45 நிமிஷம் உக்கார முடியும்னு வைங்க. 150 சார்ட்ன்னா ஒண்ணுக்கு 18 செகண்ட் தான் வருது. அதுக்குள்ள வீக்லில ட்ரெண்ட் பாத்து, டெய்லில லெவல் மார்க் பண்ணி, வால்யூம் கவனிச்சு, ஸ்டாப்லாஸ் எங்க விழும்னு யோசிக்கறதெல்லாம் நடக்காது, பெரிய பச்சை கேண்டில் மட்டும்தான் கண்ணுல படும், அதனால ஏற்கனவே ஓடி முடிச்ச ஸ்டாக்லயே போய் மாட்டுவீங்க. ஒரு சார்ட்டுக்கு ரெண்டு நிமிஷமாவது குடுங்க. 20 ஸ்டாக்குக்கு 40 நிமிஷம், மிச்ச 5 நிமிஷம் அலர்ட் போட. அவ்ளோதான் உங்க லிஸ்ட். அரை மணி நேரம் தான் கிடைக்கும்னா 12, 13 போதும், அதுல எந்த குறையும் இல்ல.

சரி, எந்த 20? இங்க நிறைய பேர் சறுக்குறது வால்யூம்ல. ஸ்கேனர்ல "20 நாள் சராசரி வால்யூம் 50,000க்கு மேல"ன்னு போட்டுட்டு வர்ற ஸ்டாக்க அப்படியே சேத்துடுவாங்க. ஒரு ஸ்டாக்ல 19 நாள் வெறும் 20,000 ஷேர் தான் கை மாறுது, ஒரே ஒரு நாள் ஏதோ செய்தியால 10 லட்சம் ஷேர் டிரேட் ஆயிடுச்சுன்னு வைங்க, சராசரி 69,000ன்னு காட்டும். ஃபில்டர் பாஸ். ஆனா நீங்க விக்கப்போற சாதாரண நாள்ல அங்க இருக்கப்போறது அதே 20,000 தான். அதனால நம்பரோட நிறுத்தாம வால்யூம் பார்கள ஒருதடவை கண்ணால பாருங்க, ஒரு பார் மட்டும் வானத்துக்கு நின்னு மத்ததெல்லாம் தரையோட ஒட்டி இருந்தா அந்த ஸ்டாக்க விட்டுருங்க.

கூடவே ஸ்பிரெட்டயும் பாக்கணும். வாங்கறவங்க 99.60 கேக்கறாங்க, விக்கறவங்க 100.40 சொல்றாங்கன்னா, நீங்க மார்க்கெட் ஆர்டர்ல வாங்கி உடனே வித்தாலே கிட்டத்தட்ட 0.8 சதவீதம் போச்சு. 2 சதவீத டார்கெட் வச்சு டிரேட் பண்றவருக்கு இது ரொம்ப பெரிய அடி.

அப்புறம் அசைவு. 14 நாள் ஏடிஆர, அதாவது ஸ்டாக் ஒரு நாளைக்கு சராசரியா எத்தனை ரூபா அசையுதுங்கறத, எடுத்து விலையால வகுத்து சதவீதமா பாருங்க. 1500ல இருக்கிற ஸ்டாக் ஒரு நாளைக்கு 15 பாயிண்ட் அசையுது, 150ல இருக்கறது 3 பாயிண்ட் தான் அசையுது, பாக்க முதல் ஸ்டாக் தான் வேகமா தெரியும், ஆனா அது 1 சதவீதம், இது 2 சதவீதம். ரொம்ப கம்மியா அசையறது உங்க டார்கெட்டுக்கு போக வாரக்கணக்குல ஆகும், ரொம்ப அதிகமா குதிக்கறதுல சாதாரண ஆட்டத்துலயே ஸ்டாப்லாஸ் அடிச்சிரும்.

செக்டர மறக்கறதும் பெரிய தப்பு. 20ல 9 பேங்க் ஸ்டாக் இருந்தா ஸ்கேன்ல ஒரே நாள்ல அஞ்சாறு பிரேக்அவுட் வரும், மூணு வாங்கி ரிஸ்க்க பிரிச்சிட்டோம்னு நினைப்பீங்க, செக்டர் சரிஞ்சா மூணும் சேந்தே சரியும். ஒரு செக்டருக்கு மூணு, மிஞ்சினா நாலுன்னு வைங்க.

இன்னொரு விஷயம், ஒரு நாள் ஸ்கேன்ல எதுவும் வரலன்னு கண்டிஷன மாத்தாதீங்க. ஒரு மாசமாவது அதே ஃபில்டர், அதே செட்டப்ல இருந்தாதான் எது வேலை செய்யுது எது செய்யலன்னு தெரியவே வரும்.

கடைசியா, சேக்கறதுக்கு இருக்கிற ஆர்வம் தூக்கறதுக்கு இருக்க மாட்டேங்குது, நான் ரொம்ப வற்புறுத்தி சொல்றது இதைத்தான். ஒவ்வொரு ஸ்டாக்கயும் உள்ள விடும்போதே பக்கத்துல ஒரு வரி எழுதிடுங்க: "240க்கு மேல க்ளோஸ் ஆனா என்ட்ரி, 225க்கு கீழ க்ளோஸ் ஆனா லிஸ்ட்ட விட்டு வெளிய." இந்த வரிய எழுத முடியலன்னா அந்த ஸ்டாக் லிஸ்ட்ல இருக்க காரணமே இல்லன்னு அர்த்தம். 240க்கு அலர்ட் போட்டுட்டா தினமும் மார்க்கெட் நேரத்துல முறைச்சு பாத்துட்டு இருக்க வேண்டாம். நீங்க வாங்காமலே 262க்கு ஓடிடுச்சா, அதுவும் வெளிய தான், ஏன்னா எழுதின என்ட்ரி முடிஞ்சுபோச்சு, இப்ப வாங்கினா ஸ்டாப்லாஸ் ரொம்ப தூரத்துல இருக்கும். 20 ஆயிட்டா புதுசு ஒண்ணு வரணும்னா பழசு ஒண்ணு போகணும். தூக்கினது கைய விட்டு போயிடுமேன்னு பயப்பட வேண்டாம், அது திரும்பவும் கொஞ்ச நாள் ஒரே ரேஞ்சுல நின்னு ஒரு நல்ல பேஸ் போட்டுச்சுன்னா அதே ஸ்கேனர் திரும்ப காட்டும், அப்ப புது லெவலோட புது வரி எழுதி சேத்துக்கலாம்.