பள்ளி வளாகத்தில் ஓரியன்டீரிங்: கையால் வரைந்த வரைபடத்தோடு முதல் வகுப்பு

கையில் வரைபடத்தோடு கிளம்பி, அதில் குறித்திருக்கும் இடங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிப்பதுதான் ஓரியன்டீரிங். அந்த இடங்களுக்குக் கன்ட்ரோல் என்று பெயர். முதல் வகுப்புக்குக் காடோ அச்சடித்த வரைபடமோ வேண்டாம். பள்ளி வளாகமும், நீங்களே வரைந்த ஒரு ஏ4 தாளும் போதும். ஒரு பிள்ளை தவறான இடத்துக்குப் போனால், ஏன் போனது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்கு ஏற்றபடி கன்ட்ரோல்களை வைப்பதில்தான் பாடமே இருக்கிறது.

முதலில் வரைபடம். அளவு நாடாவால் 50 மீட்டர் அளந்து, இயல்பான நடையில் நடந்து பாருங்கள். இடது கால் தரையைத் தொடும்போது மட்டும் எண்ணுங்கள். எனக்கு 34 வருகிறது. அதாவது ஒரு எண்ணிக்கைக்கு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். இனி நாடா வேண்டாம், கால்களே அளவுகோல்.

வளாகம் 120 மீட்டர் நீளம், 90 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். தாளில் 1 செ.மீ. தரையில் 5 மீட்டர் என்று எடுத்தால் 24க்கு 18 செ.மீ. வரும், கிடைவாட்டில் வைத்த ஏ4 தாளில் விளிம்பு விட்டு அடங்கிவிடும். சுற்றுச்சுவரையும் கட்டடங்களையும் முதலில் வரைந்துவிடுங்கள். பாதைகள், மரங்கள், தொட்டி எல்லாம் அப்புறம். மரத்திலிருந்து தொடங்கினால் கடைசியில் கட்டடத்துக்கு இடம் இருக்காது.

எண்ணிக்கைகள் ஒன்றோடொன்று ஒத்துவராமல் போகும், பயப்பட வேண்டாம். ஒரு கட்டடத்தின் வடக்குச் சுவரோரம் எனக்கு 27 வந்தது, தெற்கில் 29. சுவர் என்னவோ ஒரே நீளம்தான். தெற்கில் புதர்களைச் சுற்றி நடந்ததால் இரண்டு கூடிவிட்டது. இப்படி வந்தால் சமதளமாக, நேராக நடந்த பக்கத்தை நம்புங்கள். 27 என்றால் 40 மீட்டர், தாளில் 8 செ.மீ.

வடக்கைக் காம்பஸ் வைத்துக் குறியுங்கள். இரும்புக் கேட், சைக்கிள் நிறுத்தம் பக்கத்தில் நின்று பார்க்காதீர்கள், முள் இழுபடும். மைதானத்தின் நடுவே நின்று பார்த்து, தாளில் நாலைந்து இணைகோடுகளாக வடக்கை வரைந்துவிடுங்கள்.

இனி முக்கியமான ஒன்று: வரைபடத்தில் பெயர்களை எழுதாதீர்கள். ‘நூலகம்’, ‘மைதானம்’ என்று எழுதினால், பிள்ளைகள் எழுத்து நேராகத் தெரியும்படியே தாளைப் பிடிப்பார்கள். நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறான பழக்கம். தாளை நிலத்தோடு ஒத்துப்போகும்படி திருப்பிப் பிடிக்க வேண்டும், தாளில் வடக்கு எங்கே காட்டுகிறதோ அங்கே உண்மையான வடக்கு இருக்க வேண்டும். கட்டடத்துக்குக் கறுப்பு, மரத்துக்குப் பச்சை வட்டம், தண்ணீருக்கு நீலம் என்று நிறத்தால் காட்டி, விளக்கத்தைத் தாளின் பின்பக்கம் எழுதுங்கள்.

தொடக்க இடத்துக்கு ஊதா முக்கோணம். கன்ட்ரோலுக்கு ஊதா வட்டம், விட்டம் சுமார் 6 மி.மீ., உள்ளே வெறுமை, பக்கத்தில் எண். வட்டத்தின் சரியான நடுப்புள்ளிதான் இடம். இதை வகுப்பில் ஒரு முறை சொன்னால் போதாது, இரண்டு முறை சொல்லுங்கள்.

எட்டு கன்ட்ரோல் போதும். போட்டிகளில் ஆரஞ்சும் வெள்ளையுமாகத் துணிக்கொடி தொங்கும். நமக்கு உள்ளங்கை அளவு அட்டையைக் குறுக்காகப் பாதி ஆரஞ்சு, பாதி வெள்ளை என்று வண்ணம் தீட்டினால் சரி. அதில் கன்ட்ரோல் எண்ணை எழுதாமல், வரிசையில்லாத ஒரு குறியெழுத்தை எழுதுங்கள்: ‘ம’, ‘டு’, ‘கை’ இப்படி. இடுப்பு உயரத்தில், தொடக்க இடத்திலிருந்து பார்த்தால் தெரியாத பக்கமாகக் கட்டுங்கள். அட்டை தூரத்திலிருந்தே தெரிந்தால் யாரும் வரைபடத்தைப் பார்க்க மாட்டார்கள்.

இப்போது பொய் அட்டைகள். தொடக்க இடத்துக்குத் தெற்கே கிழக்கு மேற்காக ஐந்து மரங்கள் வரிசையாக நிற்கின்றன என்று வையுங்கள். கன்ட்ரோல் 3, கிழக்கிலிருந்து இரண்டாவது மரம், அங்கே ‘டு’. மேற்கிலிருந்து இரண்டாவது மரத்தில் ‘மா’ என்று ஒரு பொய் அட்டை. பிள்ளை தெற்கே பார்த்து நிற்கும், தாளின் வடக்கோ அதன் முகத்துக்கு முன்னால் இருக்கும். தாளில் வட்டம் வலமிருந்து இரண்டாவது. அதனால் நிஜத்திலும் வலமிருந்து இரண்டாவது மரத்துக்கு ஓடி ‘மா’வோடு திரும்பும். தெற்கே பார்க்கும்போது கிழக்கு இடப்பக்கம் வருகிறது என்பதை அது கவனிக்கவில்லை. ‘மா’ வந்துவிட்டதா, தாளைத் திருப்பவில்லை என்று உடனே தெரிந்துவிடும்.

‘எல்’ வடிவக் கட்டடத்தின் உள்மூலையில் 6ஆவது கன்ட்ரோல் இருந்தால், பக்கத்து வெளிமூலையில் இன்னொரு பொய் அட்டை வையுங்கள். அதைக் கொண்டுவருபவர் தாளைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார், வட்டத்தின் நடுப்புள்ளியைத்தான் பார்க்கவில்லை. இப்படி இரண்டு பொய் அட்டை போதும். அதற்கு மேல் போனால் ஏமாற்று விளையாட்டாகிவிடும்.

ஓட்டும் முறை எளிது. 30 பேர் என்றால் 15 ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு வரைபடம், ஒரு விடைத்தாள். ஒரு கன்ட்ரோலுக்குப் போய், குறியெழுத்தை எழுதி, உங்களிடம் திரும்பி வந்து காட்டிய பிறகுதான் அடுத்தது. ஜோடிக்கு ஜோடி வரிசையை மாற்றிக் கொடுங்கள், இல்லாவிட்டால் முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்தே எல்லோரும் ஓடுவார்கள். 40 நிமிட வகுப்பில் 10 நிமிடம் விளக்கம், 20 நிமிடம் ஓட்டம், மீதி பேச்சு. போகக்கூடாத இடங்களை வரைபடத்தில் சாய்கோடுகளால் நிரப்புங்கள், வாகன நிறுத்தம் கட்டாயம் அதில் இருக்கட்டும். நீண்ட விசில் கேட்டால் எங்கிருந்தாலும் திரும்ப வேண்டும்.

‘மா’வோடு வருகிற ஜோடியிடம் தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். மரங்களைப் பார்க்க நிறுத்தி, “தாளில் மரங்கள் நமக்கு எந்தப் பக்கம் இருக்கின்றன, நிஜத்தில் எந்தப் பக்கம் இருக்கின்றன?” என்று கேளுங்கள். பிறகு தாளைக் கட்டடச் சுவரோடு ஒட்டித் திருப்பச் சொல்லுங்கள். சுவரின் நீளக்கோடு இணையாக வந்து, தாளில் சுவர் இருக்கும் பக்கமே நிஜத்திலும் இருந்துவிட்டால் மரவரிசை தானாக இடம் மாறி உட்காரும். “ஐயோ, அந்தப் பக்கம்!” என்று பிள்ளையே சொல்லிவிடும். இந்த முதல் வகுப்பில் காம்பஸைப் பிள்ளைகள் கையில் கொடுக்காமல் இருப்பது நல்லது. கொடுத்தால் முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், சுற்றியிருக்கும் சுவரும் மரமும் கண்ணில் படாது.

ஒரு கன்ட்ரோலை மட்டும் பல ஜோடிகள் கண்டுபிடிக்காமல் வெறும் கையோடு வந்தால் பிழை உங்களுடையது. என் முதல் வரைபடத்தில் ஒரு குடிநீர்க் குழாயைப் பாதையின் தவறான பக்கத்தில் வரைந்திருந்தேன். ஏழு ஜோடி திரும்பி வந்த பிறகுதான் எழுந்து போய்ப் பார்த்தேன். அதனால் வகுப்புக்கு முந்தின நாள், வளாகத்தை நன்றாக அறிந்த ஒருவரைத் தவிர்த்து, அவ்வளவாகத் தெரியாத ஒருவரிடம் வரைபடத்தைக் கொடுத்து எட்டுக்கும் போய் வரச் சொல்லுங்கள். அவர் எங்கே நின்று தலையைச் சொறிகிறாரோ அந்த இடத்தை மட்டும் திரும்ப அளந்தால் போதும்.

முடிந்ததும் பத்து அட்டைகளும் திரும்பி வந்தனவா என்று எண்ணிப் பாருங்கள். பொய் அட்டை ஒன்று மரத்திலேயே தங்கிவிட்டால், அடுத்த வாரம் வேறு பாதை போட்டு ஓடும்போது அது குட்டையைக் குழப்பும்.