சேதனப் பெயரீடு: இலக்கங்களைக் கூட்டாதீர்கள்

ஹட்டனில் உயர்தர இரசாயன வகுப்பு எடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் மாறுகிறார்கள், பெயரீட்டில் விடும் பிழைகள் மட்டும் மாறுவதில்லை. எங்கள் காலத்து நோட்டில் இருந்தவை அப்படியே இருக்கின்றன. காபனுக்கு நான்கு பிணைப்பு, மெதைலுக்கு ஒரு காபன் என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அதில் தடுமாறுகிறவருக்கு இந்தக் கட்டுரை உதவாது. ஓரளவு நன்றாகப் படிக்கிற பிள்ளையும் விழுகிற இடங்களைத்தான் சொல்கிறேன்.

முதலில் வேலை செய்யும் ஒழுங்கு. எந்தச் சேர்வையாக இருந்தாலும் நான்கு கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள்.

முதற் கேள்வி: முதன்மைத் தொழிற்பாட்டுக் கூட்டம் எது? பெயரின் வாலை அதுதான் தீர்மானிக்கும். பாடத்தில் அதிகம் வருபவற்றை மேலிருந்து கீழாகச் சொன்னால் காபொட்சிலிக் அமிலம், எசுத்தர், ஏமைட்டு, நைத்திரைல், அல்டிகைட்டு, கீற்றோன், அற்ககோல், அமீன். குளோரோ, புரோமோ, நைத்திரோ இந்த வரிசையில் இல்லவே இல்லை. அவை எப்போதும் முன்னொட்டுகள்தான்.

இரண்டாவது: அந்தக் கூட்டத்தைத் தாங்கும் முதன்மைச் சங்கிலி எது? மூன்றாவது: எந்த முனையிலிருந்து எண்ணுவது? நான்காவது: முன்னொட்டுகளை எந்த ஒழுங்கில் எழுதுவது?

மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் எழுதிவிட்டு முதற் கேள்விக்குப் போகிற பிள்ளைகளே அதிகம். கட்டமைப்பைக் கண்டதும் பென்சில் இடப்பக்கத்தில் இருந்து 1, 2, 3 போடத் தொடங்கிவிடும்.

சங்கிலி

தாளில் நேராக வரைந்திருப்பதாலேயே அது முதன்மைச் சங்கிலி ஆகிவிடாது. விரல் வைத்து எண்ணுங்கள்.

கூட்டுத்தொகை என்னும் பொய்

இந்தப் பகுதிதான் நீளும். இதைத் திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது.

மலையகத்தில் ஒரு குறுங்குறிப்பு சுற்றுகிறது. அண்ணன் தம்பிக்குக் கொடுப்பது, அக்கா பக்கத்து லயத்துப் பிள்ளைக்குக் கொடுப்பது. போட்டோக்கொப்பியின் போட்டோக்கொப்பி எடுத்து எழுத்துகள் பாதி மங்கிவிட்டன. ஆனால் ஒரு வரி மட்டும் கட்டம் போட்டுத் தெளிவாக இருக்கும்: “இலக்கங்களைக் கூட்டு. கூட்டுத்தொகை குறைந்த பக்கத்திலிருந்து எண்ணு.”

அப்படி ஒரு விதி IUPAC முறையில் இல்லை. கூட்டுத்தொகையை யாரும் கேட்கவில்லை. இரண்டு முனைகளிலிருந்தும் எண்ணி, கிடைக்கும் இலக்கங்களை ஏறுவரிசையில் எழுதி, முதலாவதை முதலாவதோடும் இரண்டாவதை இரண்டாவதோடும் ஒப்பிட வேண்டும். முதன்முதலில் வேறுபடும் இடத்தில் எதில் சிறிய இலக்கம் இருக்கிறதோ அந்தத் திசைதான் சரி. அதற்குப் பின்னால் என்ன வந்தாலும் பார்க்கத் தேவையில்லை.

இந்த அற்கேனை எடுத்துக்கொள்ளுங்கள்.

CH3CH(CH3)CH2CH2CH2C(CH3)2CH2CH3

எட்டுக் காபன் சங்கிலி, மூன்று மெதைல் கூட்டங்கள். இடமிருந்து எண்ணினால் 2,6,6. வலமிருந்து எண்ணினால் 3,3,7. குறுங்குறிப்புப் பிள்ளை கூட்டுவார்: முதலாவது 14, இரண்டாவது 13. உடனே 3,3,7-ட்ரைமெதைல்ஒக்டேன் என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவார். அது பிழை. முதல் இலக்கங்கள் 2, 3. இரண்டு சிறியது, ஒப்பீடு அதோடு முடிந்தது. சரியான பெயர் 2,6,6-ட்ரைமெதைல்ஒக்டேன்.

நீண்ட சங்கிலிக்குத்தான் இந்தச் சிக்கல் என்று நினைக்க வேண்டாம். ஆறு காபனிலேயே வரும்.

BrCH2CH2CH2CH2C(CH3)3

புரோமின் பக்கத்திலிருந்து 1,5,5. மறுபக்கத்திலிருந்து 2,2,6. கூட்டினால் 11, 10. கூட்டுகிறவர் 6-புரோமோ-2,2-டைமெதைல்ஹெக்சேன் என்பார். விதிப்படி 1-புரோமோ-5,5-டைமெதைல்ஹெக்சேன். புரோமினுக்குத் தனி மரியாதை கிடைத்ததால் அது 1 ஆகவில்லை என்பதையும் கவனியுங்கள். மெதைலும் புரோமோவும் இங்கே சம தரம். முதல் வேறுபாட்டில் 1 என்பது 2ஐ விடச் சிறியது, அவ்வளவுதான் காரணம்.

இந்தப் பொய் எப்படி இவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கிறது? இரண்டே கிளைகள் உள்ள அற்கேன்களில் கூட்டுத்தொகையும் உண்மையான விதியும் ஒருபோதும் முரண்படாது. வேண்டுமானால் a, b என்று இலக்கங்களை வைத்துக் கணக்காகவே செய்து பாருங்கள். மூன்று கிளைகள் வந்தாலும் பல தடவை இரண்டு வழியும் ஒரே விடையைத்தான் தரும். வகுப்பில் முதலில் கொடுக்கும் பயிற்சிகள் எல்லாம் ஒன்றிரண்டு கிளையோடு நிற்பவை. அதனால் பிள்ளை மாதக்கணக்கில் கூட்டிக் கூட்டிச் சரி வாங்கிக்கொண்டே இருப்பார், குறிப்பின் மேல் நம்பிக்கையும் வளரும். பிறகு ஒருநாள் பல்தேர்வில் 2,6,6உம் 3,3,7உம் ஐந்து விடைகளுக்குள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். வினா தயாரிப்பவருக்கு இந்தக் குறுங்குறிப்பைப் பற்றி நன்றாகவே தெரியும்.

இதைவிட மோசமான வடிவம் ஒன்று உண்டு. தொழிற்பாட்டுக் கூட்டம், இரட்டைப் பிணைப்பு, கிளை எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கூட்டுவது. கொட்டகலையிலிருந்து வருகிற ஒரு தம்பி போன தவணையில் இந்தச் சேர்வையோடு என்னிடம் வந்தார்.

CH3CH=C(C2H5)CH2CH(OH)CH3

“சேர், ரெண்டு பக்கமும் பத்துதான் வருது. எந்தப் பக்கம் எண்ணுறது?”

அவர் சொன்னது உண்மைதான். வலமிருந்து எண்ணினால் OH 2இல், இரட்டைப் பிணைப்பு 4இல், எதைல் 4இல். இடமிருந்து எண்ணினால் OH 5இல், இரட்டைப் பிணைப்பு 2இல், எதைல் 3இல். இரண்டும் பத்து. வகுப்பில் இன்னொருவர் முதல் வேறுபாட்டு விதியை நினைவில் வைத்துக்கொண்டு 2,4,4ஐயும் 2,3,5ஐயும் ஒப்பிட்டு, இரண்டாம் இடத்தில் 3 சிறியது, ஆகவே இடமிருந்து என்றார். அதுவும் பிழை, விதி சரியாக இருந்தும் பிழை.

“ஓல் எங்க இருக்குன்னு மட்டும் பாரு தம்பி. மிச்சத்த அப்புறம் பாப்போம்” என்றேன்.

எண்ணுவதில் படிகள் உண்டு. முதற்படியில் முதன்மைக் கூட்டம் மட்டும் போட்டியிடும். அது இரண்டு பக்கமும் ஒரே இலக்கத்தைப் பெற்றால்தான் இரண்டாம் படி, அங்கே இரட்டை, மும்மைப் பிணைப்புகள். அவையும் சமமானால் மூன்றாம் படி, அங்கே முன்னொட்டுகள் எல்லாம் சேர்ந்து. முதல் வேறுபாட்டை ஒவ்வொரு படிக்கு உள்ளேதான் தேட வேண்டும், படிகளைக் கலந்து தேடக் கூடாது. மேற்சொன்ன சேர்வையில் OHக்கு 2ஆ 5ஆ என்பதோடு வழக்கு முடிந்தது. இரட்டைப் பிணைப்பு 2 வாங்கும் வாய்ப்பை இழந்து 4உடன் திருப்திப்பட வேண்டியதுதான். பெயர் 4-எதைல்ஹெக்ஸ்-4-ஈன்-2-ஓல்.

மூன்று படிகளும் சமமாக வந்தால் ஆங்கில எழுத்து வரிசையில் முந்தும் முன்னொட்டுக்குச் சிறிய இலக்கம். 3-எதைல்-4-மெதைல்ஹெக்சேன் அப்படிப்பட்டது, எந்தப் பக்கமும் 3,4தான். இந்த நான்காம் படி வரை போக வேண்டிய சேர்வைகள் குறைவு. ஆனால் பிள்ளைகள் இதை முதற்படியாக்கிவிடுகிறார்கள்.

டை, ட்ரை

எழுத்து ஒழுங்கில் அவை கணக்கில் இல்லை. எதைல் முதலில், டைமெதைல் பிறகு: 3-எதைல்-2,2-டைமெதைல்பென்ரேன்.

ஒரு காபனில் இரண்டு மெதைல்

2,2 என்று இரண்டு தடவை எழுதுங்கள். ஒரு 2ஐக் காணவில்லையென்றால் புள்ளியையும் காண மாட்டீர்கள்.

COOH, CHO, CN காபன்

சங்கிலியில் சேரும், 1ஆம் காபன் அதுவே. அதை விட்டுவிட்டு எண்ணி, பியூட்டனோயிக் அமிலத்தைப் புரொப்பனோயிக் அமிலம் ஆக்குவது வருடா வருடம் நடக்கிறது.

தேயிலை வாசத்தில் ஒரு பயிற்சி

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட வைக்கும் மாடிக்கு ஏறியவர்களுக்கு அந்த வாசம் தெரியும். தேயிலை மணத்தில் பங்குள்ள சேர்வைகளில் ஒன்று லினலூல். அதற்குப் பெயரிட்டால் முதலில் சொன்ன கேள்விகள் ஏறக்குறைய எல்லாம் வந்துவிடும்.

CH2=CHC(OH)(CH3)CH2CH2CH=C(CH3)2

முதன்மைக் கூட்டம் OH, எனவே வால் ஓல். OH உள்ள காபனையும் இரண்டு இரட்டைப் பிணைப்புகளையும் உள்ளடக்கிய சங்கிலியில் எட்டுக் காபன்கள். எண்ணும் திசை: இடமிருந்து OH 3இல், வலமிருந்து 6இல். ஆகவே இடமிருந்து. இரட்டைப் பிணைப்புகளையோ மெதைல்களையோ இன்னும் நாம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திசை முடிவானபின் அவற்றுக்கு விழுந்த இலக்கங்களை வாசித்தால் போதும்: பிணைப்புகள் 1, 6. மெதைல்கள் 3, 7.

இப்போது கோர்ப்பது. பிணைப்பு இரண்டு என்பதால் ஒக்ட் என்று நிற்காமல் ஒக்டா என்று வரும், இந்த ‘ஆ’வை விடுகிறவர்கள் நிறைய. டையீன் என்பதன் ஆங்கில எழுத்தில் கடைசியில் நிற்கும் ஈ, பின்னால் ஓல் வருவதால் போய்விடும். இலக்கத்துக்கும் இலக்கத்துக்கும் நடுவே காற்புள்ளி, இலக்கத்துக்கும் எழுத்துக்கும் நடுவே சிறுகோடு. 3,7-டைமெதைல்ஒக்டா-1,6-டையீன்-3-ஓல்.

எழுதியதும் கட்டமைப்பை மூடிவிட்டுப் பெயரிலிருந்தே மறுபடி வரையுங்கள். ஒக்டாவில் எட்டு, மெதைலில் இரண்டு, மொத்தம் பத்துக் காபன்கள் வர வேண்டும். வரைந்ததில் ஐதரசனை எண்ணினால் C10H18O கிடைக்கும். வேறேதும் கிடைத்தால் சங்கிலியை எண்ணிய இடத்துக்குத் திரும்புங்கள், பெரும்பாலும் பிழை அங்கேதான் இருக்கும். ஆனால் திசையை மாற்றி எண்ணியிருந்தால் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. மறுபக்கத்திலிருந்து எழுதிய பெயரை வரைந்தாலும் அதே மூலக்கூறுதான் வரும். அதற்கு OHஇன் இலக்கத்தை இரண்டு பக்கமும் ஓரத்தில் எழுதிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.