பலகையில் ஒரு பெயர், ரசீதில் வேறு பெயர்: கோச்சிங் சென்டர், தனியார் கல்லூரிப் பதிவைப் பார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் எங்கள் தணிக்கை அலுவலகத்துக்கு ஒரு வேலை கூடும். "இந்த கோச்சிங் சென்டர் பதிவானதுதானா, பார்த்துச் சொல்லுங்க சார்" என்று தெரிந்தவர்கள் விளம்பரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் கொடுத்தால், கொஞ்ச நேரத்தில் "எல்லாம் சரியா இருக்கு சார்" என்பார்கள். வருடாவருடம் அவர்கள் சறுக்குவது ஒரே இடத்தில்தான். எல்லோருக்கும் தெரிந்த எச்சரிக்கைகளை விட்டுவிட்டு அதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன்.

பலகைப் பெயரைத் தேடுவது

வாசலில் தொங்கும் பெயரை, கம்பெனிப் பதிவுகள் இருக்கும் மத்திய அரசின் mca.gov.in தளத்தில் தட்டுகிறார்கள். அதே பெயரில் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி வருகிறது. ஸ்டேட்டஸ் Active என்று இருக்கிறது. சரி, முடிந்தது என்று மூடிவிடுகிறார்கள். அந்தக் கம்பெனிக்கும் நம் ஊர் சென்டருக்கும் என்ன தொடர்பு என்று ஒருவரும் கேட்பதில்லை. எத்தனை முறை சொன்னாலும் இது திரும்பத் திரும்ப நடப்பதில் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. ஏனென்றால் இதில் போவது ஒரு குடும்பத்தின் வருடச் சேமிப்பு.

ஒரு அம்மா மகனுக்கு நீட் ரிப்பீட்டர் வகுப்புக்குப் பணம் கட்டியிருந்தார். கட்டணம் ஒரு லட்சம், ஜிஎஸ்டி 18 சதவீதம், மொத்தம் 1,18,000 ரூபாய். சென்டர் பாதியில் மூடிவிட்டது. பலகையில் இருந்தது வேறு மாநிலத்துப் பெரிய நிறுவனத்தின் பெயர். அந்தக் கம்பெனி உண்மையிலேயே பதிவானதுதான், இயங்கிக்கொண்டும் இருந்தது. ஆனால் தலைமை அலுவலகத்துக்கு எழுதினால், "அது ஃப்ரான்சைஸ் மையம், பணம் எங்களிடம் வரவில்லை" என்று பதில் வந்தது.

ரசீதைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மேலே பெரிய எழுத்தில் அதே பலகைப் பெயர். அடியில் பொடி எழுத்தில் 33 என்று தொடங்கும் ஜிஎஸ்டி எண். 33 என்றால் தமிழ்நாடு. அதற்கடுத்த பத்து எழுத்துகள் பதிவு செய்தவரின் பான் எண். பான் எண்ணின் நான்காவது எழுத்து அது யாருடையது என்று சொல்லிவிடும்: C என்றால் கம்பெனி, F என்றால் பார்ட்னர்ஷிப் அல்லது எல்எல்பி, T என்றால் அறக்கட்டளை, P என்றால் தனிநபர். ஜிஎஸ்டி எண்ணில் எண்ணிப் பார்த்தால் அது ஆறாவது இடத்தில் வரும். அந்த ரசீதில் அந்த இடத்தில் இருந்தது P.

அப்புறம் services.gst.gov.in தளத்தில் Search Taxpayer பகுதியில் அந்த எண்ணைப் போட்டோம். இதற்கு லாகின் தேவையில்லை. Trade Name என்ற இடத்தில் பலகைப் பெயர். Legal Name of Business என்ற இடத்தில் ஒரு தனிமனிதரின் பெயர். Constitution of Business என்ற இடத்தில் Proprietorship. அதைவிட மோசம், பதிவே ரத்தாகியிருந்தது, அதுவும் ரசீது போட்ட தேதிக்கு முன்பே. ஆக, வசூலிக்க உரிமையே இல்லாத 18,000 ரூபாயையும் வரி என்ற பெயரில் வாங்கியிருக்கிறார்கள். பணம் கட்டுவதற்கு முன்பே இதைப் பார்த்திருக்கலாம். வக்கீல் நோட்டீஸும் முதலில் கம்பெனி பெயருக்குப் போய், ஆள் மாறி, மாதக்கணக்கில் இழுத்தது.

தனிநபர் கோச்சிங் சென்டர் நடத்துவது தப்பில்லை. பல ஊர்களில் நல்ல வாத்தியார்கள் அப்படித்தான் நடத்துகிறார்கள். ஆனால் நாம் பணம் கொடுப்பது அந்த ஒரு மனிதருக்குத்தான், பலகையில் இருக்கும் கம்பெனிக்கு அல்ல என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும்.

அதனால் பணம் கட்டும் முன் கவுண்டரில் ஒரே கேள்வி கேளுங்கள்: "ரசீது எந்தப் பெயர்ல போடுவீங்க?" மாதிரி ரசீது ஒன்றை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால், பணம் அனுப்பும் முன் திரையில் கணக்குக்காரர் பெயர் வரும். அதையும் ரசீதுப் பெயரோடு ஒப்பிடுங்கள். பெரிய நிறுவனத்தின் கிளை என்றால், இந்த மையம் மூடினால் ரீஃபண்ட் யார் பொறுப்பு என்று தலைமை அலுவலகத்திடம் மெயிலில் எழுதி வாங்குங்கள்.

ரசீதில் ஜிஎஸ்டி எண்ணே இல்லையா? ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் சிறிய சென்டருக்கு அது கட்டாயமில்லை. ஆனால் எண் இல்லாமல் 18 சதவீதம் மட்டும் கேட்டால், அங்கே பணம் கட்டாதீர்கள்.

Active என்று பார்த்ததும் மூடிவிடுவது

ரசீதில் இருப்பது கம்பெனிதான் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனிகள் சட்டம் 2013-இன் 12-வது பிரிவுப்படி, தன் பில்லிலும் லெட்டர்பேடிலும் பதிவு அலுவலக முகவரியையும் சிஐஎன் என்ற 21 இலக்க எண்ணையும் அது அச்சிட்டாக வேண்டும். பெயரை வைத்துத் தேடாமல் இந்த எண்ணை வைத்துத் தேடுங்கள், ஒரே மாதிரிப் பெயர்களில் குழப்பம் வராது. எண்ணின் நடுவில் TN போன்ற மாநில எழுத்தும், பதிவான வருடமும் இருக்கும். விளம்பரத்தில் 20 வருட அனுபவம் என்று போட்டுவிட்டு எண்ணில் 2022 என்று இருந்தால், முன்பு எந்தப் பெயரில் நடத்தினீர்கள் என்று கேளுங்கள்.

ஸ்டேட்டஸுக்குக் கீழே கடைசி பொதுக்குழு நடந்த தேதியும் கடைசி பேலன்ஸ் ஷீட் தேதியும் இருக்கும். அவை மூன்று நான்கு வருடம் பின்தங்கியிருந்தால், Active என்ற சொல்லுக்குப் பெரிய மதிப்பில்லை. கணக்கே தாக்கல் செய்யாத கம்பெனி அது. பதிவாளர் அதன் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கலாம்.

அறக்கட்டளையை எம்சிஏ தளத்தில் தேடுவது

அங்கே இருக்காது. தனியார் கல்லூரிகளைப் பெரும்பாலும் நடத்துவது அறக்கட்டளை அல்லது சங்கம்தான். தமிழ்நாட்டில் அறக்கட்டளைப் பத்திரம் சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகும். சங்கம் என்றால் 1975-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம் பதிவாகும். கல்லூரி அலுவலகத்தில் பத்திர எண், வருடம், எந்த சார் பதிவாளர் அலுவலகம் என்ற மூன்றையும் கேளுங்கள். நேர்மையாக நடத்துபவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்.

பொறியியல் கல்லூரி என்றால் இன்னொரு வழியும் உண்டு. தொழில்நுட்பக் கல்வியை முறைப்படுத்தும் ஏஐசிடிஇ ஒவ்வொரு முறையும் கொடுக்கும் அங்கீகாரக் கடிதத்தில் கல்லூரியின் பெயரோடு அதை நடத்தும் அறக்கட்டளை அல்லது சங்கத்தின் பெயரும் இருக்கும். எந்தக் கல்வியாண்டுக்கு, எந்தெந்தப் பாடப்பிரிவுக்கு, எத்தனை இடங்கள் என்பதும் அதிலேயே இருக்கும். அந்தப் பெயரும், பத்திரத்தில் உள்ள பெயரும், கட்டணம் போகும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். "டிரஸ்ட்" என்றும் "எஜுகேஷனல் டிரஸ்ட்" என்றும் ஒரு சொல் வித்தியாசம் இருந்தால்கூட அவை இரண்டு தனித்தனி அறக்கட்டளைகளாக இருக்கலாம்.

ஐஎஸ்ஓ சான்றிதழ்

தனியார் அமைப்பு கொடுப்பது. பதிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

உத்யம் சான்றிதழ்

சிறு தொழில்களுக்கான பதிவு இது. ஆதாரும் பானும் இருந்தால் யாரும் சுய அறிவிப்பில் எடுக்கலாம். மத்திய அரசின் முத்திரை இருப்பதால் "அரசு அங்கீகாரம்" என்று ஃப்ரேம் போட்டு மாட்டிவிடுகிறார்கள்.

12ஏ, 80ஜி

வருமான வரிச் சலுகைக்கானவை. கல்லூரி நடத்த அனுமதி அல்ல.

பதிவு இருந்தால் பணம் பத்திரம் என்று நினைப்பது

2025 ஜனவரியில் டெல்லி, நொய்டா, காசியாபாத் பக்கம் பெரிய கோச்சிங் நிறுவனம் ஒன்றின் மையங்கள் திடீரென்று மூடின. அது முறையாகப் பதிவான கம்பெனிதான். பதிவு இருந்தால் யார் மேல் புகார் கொடுப்பது என்று தெரியும், அவ்வளவுதான். கம்பெனியிடம் பணம் இருக்கிறதா என்பது வேறு விஷயம். மத்திய கல்வி அமைச்சகம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பாதியில் விலகும் மாணவருக்கு மீதிக் காலத்துக்கான கட்டணத்தைப் பத்து நாளில் திருப்பித் தர வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் அந்த வழிகாட்டுதல் மாநிலங்கள் எடுத்து நடைமுறைப்படுத்த வேண்டியது. அதை நம்பி இரண்டு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். மொத்தமாகக் கட்டினால் இருபது சதவீதம் தள்ளுபடி என்றாலும் தவணையிலேயே கட்டுங்கள். ஒவ்வொரு தவணைக்கு முன்பும் அந்த ஜிஎஸ்டி எண்ணை ஒருமுறை போட்டுப் பார்த்து, தேதி தெரிய ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள்.