ஜனவரி இன்டேக்கா செப்டம்பரா: ஆஃபர் வந்த சந்தோஷத்துல பண்ற தப்புகள்

செப்டம்பர் மிஸ் ஆனா என்ன, ஜனவரி இருக்குல்லன்னு ஏஜென்ட் சொன்னதும் தலையாட்டுறதுதான் முதல் தப்பு. ஜனவரி மோசம்னு சொல்ல வரல, ஆனா கணக்கு வேற. யூகே மாஸ்டர்ஸையே எடுத்துக்கிட்டு பேசுறேன், அங்கதான் இந்தக் குழப்பம் ரொம்ப ஜாஸ்தி.

பெரிய ஸ்காலர்ஷிப் எல்லாம் செப்டம்பரை வச்சுதான் ஓடும். பிரிட்டிஷ் அரசு குடுக்குற செவனிங் ஸ்காலர்ஷிப் ஆகஸ்ட்ல திறந்து அக்டோபர்ல மூடிடும், அதுவும் அடுத்த வருஷம் செப்டம்பர் வாக்குல ஆரம்பிக்கிற கோர்ஸுக்கு. அதனால அந்தப் பணத்தை நம்பி இருக்கவங்க ஜனவரிக்கு தள்ளிப்போடவே கூடாது. யுனிவர்சிட்டி குடுக்குற ஃபீஸ் சலுகை ஜனவரிக்கும் இருக்கலாம், ஆனா செப்டம்பர் ஆஃபர்ல இருந்தது தானா கூடவே வந்துடும்னு நினைக்காதீங்க, மெயில்ல எழுதி வாங்கிக்கோங்க.

அடுத்தது கோர்ஸ் எத்தனை மாசம்னு பாக்காம விடுறது. ஜனவரி பேட்ச்சுக்கு சில கோர்ஸ்ல நடுவுல கோடை லீவு வந்து 15, 16 மாசம் வரைக்கும் இழுக்கும். விசாவுக்கு காட்டுற செலவுப் பணம் அதிகபட்சம் 9 மாசத்துக்குத்தான், லண்டனுக்கு வெளிய மாசம் 1,171 பவுண்ட், மொத்தம் 10,539. பேங்க்ல இது 28 நாள் இருந்தா போதும்னு நிம்மதியா கிளம்பிடுவோம். அதே ரேட்ல 16 மாசம்னா 18,736. மீதி எட்டாயிரத்து சொச்சம் எங்கிருந்து வரும்னு விசா ஆபீஸர் கேக்க மாட்டார், வாடகை கேக்குறவர் கேப்பார்.

வீடு விஷயம் இன்னும் மோசம், நிறைய பேர் மாட்டுறது இங்கதான். ஹாஸ்டல் ரூம் கான்ட்ராக்ட் பெரும்பாலும் செப்டம்பர்ல தொடங்கி 44 வாரமோ 51 வாரமோ ஓடும், ஜனவரில போறவங்களுக்கு யாரோ காலி பண்ணிட்டுப்போன ரூம்தான் மிஞ்சும். அது பரவாயில்ல, ரூம் கிடைச்சிடும். ஆனா அந்த கான்ட்ராக்ட் ஜூலை, ஆகஸ்ட் வாக்குல முடிஞ்சிடும், நம்ம கோர்ஸோ அடுத்த ஜனவரி தாண்டியும் இருக்கும். செப்டம்பர்ல திரும்ப எடுக்கப் போனா சில மாசத்துக்கு மட்டும் தர மாட்டேன், முழுசா 51 வாரம் எடுன்னு சொல்வாங்க, அதுவும் டிசர்டேஷன் எழுதுற நேரத்துல பெட்டியைத் தூக்கிக்கிட்டு அலையணும். அதனால கையெழுத்து போடுறதுக்கு முன்னாடியே முடியுற தேதி என்ன, அப்புறம் குறுகிய காலத்துக்கு நீட்டிப்பீங்களான்னு கேட்டுடுங்க.

கடைசியா மாட்யூல். ஜனவரில சேந்தா சில இடங்கள்ல நேரா ரெண்டாவது செமஸ்டர் பேப்பர்ல போய் உக்காரணும். டேட்டா சயின்ஸ்னு வைங்க, புரோகிராமிங்கும் ஸ்டாட்டிஸ்டிக்ஸும் செப்டம்பர் பேட்ச் முதல் செமஸ்டர்லயே முடிச்சிருக்கும், நீங்க அதே கிளாஸ்ல மெஷின் லேர்னிங்ல ஆரம்பிப்பீங்க. சில யுனிவர்சிட்டி ஜனவரி பேட்ச்சுக்குன்னு தனியாவே நடத்துது, அங்க இந்தப் பிரச்சனை இல்ல. வெப்சைட்ல இருக்குற மாட்யூல் லிஸ்ட் பெரும்பாலும் செப்டம்பருக்கு எழுதினது, அதனால "ஜனவரில சேர்றவங்களுக்கு எந்த செமஸ்டர்ல எந்த மாட்யூல்"னு நேரா டிபார்ட்மெண்டுக்கே மெயில் போடுங்க, அட்மிஷன் ஆபீஸ்ல கேட்டா பிரோஷரைத்தான் திருப்பி அனுப்புவாங்க.